தடுப்பூசி போட்ட பிறகு காய்ச்சலா? கடிகாரத்தைப் பாருங்கள்!

புதன்கிழமை காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி. மாலையில் குழந்தைக்கு உடம்பு கொதிக்கிறது. "ஊசி போட்டா காய்ச்சல் வரத்தான் செய்யும், விடு" என்பார் பாட்டி. "டாக்டர்கிட்ட போயிடலாமா?" என்று பதறுவார் அம்மா. பெரும்பாலும் பாட்டி சொல்வதுதான் சரி. ஆனால் எல்லா நேரமும் அல்ல. இது ஊசியால் வந்த காய்ச்சலா, வேறு நோயா என்பதைப் பிரித்துச் சொல்ல முதலில் பார்க்க வேண்டியது காய்ச்சல் எத்தனை டிகிரி என்பதை அல்ல. அது எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைத்தான்.

எந்த ஊசிக்கு எப்போது காய்ச்சல்?

குழந்தைக்கு ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில் தொடையில் போடப்படுவது பென்டாவேலன்ட் ஊசி. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, ஹெபடைட்டிஸ் பி, ஹிப் கிருமித் தொற்று ஆகிய ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஊசி. இதில் காய்ச்சலைக் கிளப்புவது முக்கியமாக கக்குவான் இருமலுக்கான பகுதி. செயலிழக்கச் செய்த கிருமி அதில் முழுதாக இருக்கிறது. உடலின் எதிர்ப்புச் சக்தி அதை அந்நியனாக அடையாளம் கண்டு வேலையைத் தொடங்கும்போது உடல் சூடாகிறது. தனியார் மருத்துவமனைகளில் 'வலியில்லா ஊசி' என்று போடப்படுவதில் முழுக் கிருமிக்குப் பதில் அதன் சில புரதங்கள் மட்டுமே இருக்கும். அதனால் அதில் காய்ச்சலும் வீக்கமும் குறைவு.

பென்டாவேலன்ட் ஊசியின் காய்ச்சல் பெரும்பாலும் அன்று மாலையோ இரவோ தொடங்கும். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளில் அடங்கிவிடும். ஒன்றரை வயதை ஒட்டிப் போடும் டி.பி.டி. பூஸ்டருக்கும் இதே கணக்குதான்.

ஒன்பதாவது மாதம் முடிந்து போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி இதற்கு நேர்மாறானது. அதில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ். அது உடலுக்குள் போய் மெல்லப் பெருகிய பிறகுதான் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொள்ளும். எனவே காய்ச்சல் ஐந்து முதல் பன்னிரண்டு நாட்கள் கழித்துத்தான் வரும். ஒன்றிரண்டு நாட்கள் இருக்கும். சில குழந்தைகளுக்கு உடம்பில் லேசாகச் சிவந்த தடிப்புகளும் தெரியும். இதை அறியாததால், ஊசி போட்ட அடுத்த வாரம் வரும் காய்ச்சலுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள்.

ஒரு குழந்தையின் இரண்டு நாட்கள்

ஒன்றரை மாதக் குழந்தை, எடை நாலரை கிலோ என்று வைத்துக்கொள்வோம். புதன்கிழமை காலை 11 மணிக்கு ஊசி. அரை மணி நேரம் அங்கேயே உட்காரவைத்துப் பார்த்துவிட்டு நர்ஸ் அனுப்பிவைக்கிறார். அரிதாக வரும் கடுமையான ஒவ்வாமை பெரும்பாலும் அந்த அரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும் என்பதால்தான் இந்தக் காத்திருப்பு.

மாலை 5 மணிக்குக் குழந்தை சிணுங்குகிறது. டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் வைத்து, கையை உடம்போடு அணைத்துப் பிடித்துப் பார்த்தால் 100.6. அக்குளில் 99.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் காய்ச்சல். ஊசி போட்ட கால் சற்றுச் சிவந்திருக்கிறது, தொட்டால் அழுகிறது. ஆனால் பால் குடிக்கிறது. 5.30-க்கு நர்ஸ் சொன்ன அளவில் பாராசிட்டமால் சொட்டு மருந்து.

இரவு 11.30-க்கு 101.4. ஆறு மணி நேரம் ஆகிவிட்டதால் இரண்டாவது முறை மருந்து. வியாழன் காலையில் 99.8. குழந்தை நன்றாகப் பால் குடித்துத் தூங்குவதால் மருந்து தேவைப்படவில்லை. பிற்பகல் 100.8-க்கு ஏறி மறுபடி சிணுங்கியதால் மூன்றாவது முறை. வெள்ளிக்கிழமை விடிந்தபோது 98. அதன் பிறகு ஏறவில்லை.

இந்தக் காய்ச்சல் அதே நாளில் தொடங்கியது, ஏறி இறங்கியது, 48 மணி நேரத்துக்குள் முடிந்தது. இடையில் குழந்தை பால் குடிப்பதை நிறுத்தவே இல்லை. ஊசிக் காய்ச்சல் இப்படித்தான் இருக்கும்.

மருந்தில் நடக்கும் பெரிய தவறு

பாராசிட்டமால் அளவு வயதைப் பொறுத்ததல்ல, எடையைப் பொறுத்தது. ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். நாலரை கிலோ குழந்தைக்குச் சுமார் 50 மில்லிகிராம் போதும். இதுவரை சிக்கலில்லை. சிக்கல் பாட்டிலில் இருக்கிறது.

கடைகளில் கிடைக்கும் சொட்டு மருந்தில் பொதுவாக ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். ஆக, இந்தக் குழந்தைக்கு அரை மில்லிதான். சிரப்பிலோ 5 மில்லியில்தான் 120 அல்லது 125 மில்லிகிராம். அதில் கொடுத்தால் இரண்டு மில்லி வேண்டும். 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பும் உண்டு. அதில் ஒரு மில்லி.

'போன தடவை ரெண்டு மில்லி கொடுத்தோம்' என்ற நினைவில், வீட்டில் இருக்கும் சொட்டு மருந்தை இரண்டு மில்லி கொடுத்தால் என்ன ஆகும்? குழந்தைக்கு 200 மில்லிகிராம் போய்விடும். தேவையைவிட நான்கு மடங்கு. அளவு மீறிய பாராசிட்டமால் கல்லீரலைப் பாதிக்கும். எனவே எத்தனை மில்லி என்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளாமல், பாட்டில் மேல் அச்சிட்டிருக்கும் அளவையும் பார்த்து, அந்த எடைக்கு எவ்வளவு என்று ஊசி போடும் இடத்திலேயே கேட்டுத் தடுப்பூசி அட்டையில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. அளப்பதற்குச் சமையலறை ஸ்பூன் வேண்டாம். மருந்தோடு வரும் சொட்டுக் குழாயையே பயன்படுத்துங்கள்.

ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் ஆறு மணி நேர இடைவெளி. நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். காய்ச்சல் வருவதற்கு முன்பே, முன்னெச்சரிக்கையாகக் கொடுப்பதும் தேவையில்லை. செக் குடியரசில் நடத்தப்பட்டு 2009-ல் வெளியான ஆய்வில், அப்படி முன்கூட்டியே மருந்து கொடுத்த குழந்தைகளுக்குச் சில ஊசிகளின் எதிர்ப்பாற்றல் சற்றுக் குறைவாக உருவானது தெரியவந்தது. டாக்டரோ நர்ஸோ கொடுக்கச் சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றலாம். ஐபுபுரூஃபன், மெஃபனமிக் அமிலம் கலந்த மருந்துகளையும், பெரியவர்களின் ஆஸ்பிரினையும் கைக்குழந்தைக்கு வீட்டில் தாங்களாகவே கொடுக்கக் கூடாது.

மருந்தைத் தவிர என்ன செய்யலாம்?

தாய்ப்பால்தான் முதல் ஆறுதல். காய்ச்சலில் நீர் வற்றும் என்பதால் வழக்கத்தைவிட அடிக்கடி கொடுக்கலாம். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தனியாகத் தண்ணீர் வேண்டாம். 'குளிர் காய்ச்சல்' என்று ஸ்வெட்டர், தொப்பி, போர்வை என அடுக்கினால் சூடு வெளியேறாமல் இன்னும் ஏறும். மெல்லிய பருத்திச் சட்டை ஒன்றும், காற்றோட்டமான அறையும் போதும். துடைப்பதாக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீர் மட்டும். குளிர்ந்த நீரில் துடைத்தால் குழந்தை நடுங்கும், நடுக்கம் சூட்டை மேலும் ஏற்றும்.

ஊசி போட்ட இடத்தில் வலி இருந்தால் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை மெதுவாக வைத்து எடுக்கலாம். தேய்ப்பது, எண்ணெய் போட்டு நீவுவது, மஞ்சள் பற்று, சுடுதண்ணீர் ஒத்தடம் எதுவும் வேண்டாம். அங்கே பட்டாணி அளவில் ஒரு கெட்டியான கட்டி சில வாரங்கள் இருந்து தானாகக் கரையும். வலிக்காத வரை கவலையில்லை. இரண்டு நாட்களுக்குப் பிறகும் சிவப்பு பரவி, சூடாகி, வீக்கம் பெரிதானால் அது சீழ் பிடிப்பதாக இருக்கலாம். டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இது ஊசிக் காய்ச்சல் அல்ல

அதே புதன்கிழமை ஊசி போட்ட இன்னொரு குழந்தைக்கு வியாழன் முழுக்க ஒன்றுமில்லை, சனிக்கிழமை 101 காய்ச்சல் என்றால்? பென்டாவேலன்ட் ஊசியின் நேரம் அப்போது முடிந்துவிட்டது. சிறுநீர்த் தொற்றோ, நுரையீரல் தொற்றோ, வைரஸ் காய்ச்சலோ தற்செயலாக அந்த வாரத்தில் வந்திருக்கலாம். பச்சிளம் குழந்தையின் சிறுநீர்த் தொற்றுக்குக் காய்ச்சலைத் தவிர வேறு அறிகுறியே இல்லாமலும் போகலாம். 'ஊசி போட்டதுதான்' என்று காத்திருந்தால் நாட்கள் வீணாகும். அதிலும் மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு ஊசியோடு நேரம் பொருந்தாமல் காய்ச்சல் வந்தால், மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்று வீட்டில் இருக்கவே கூடாது.

நேரம் பொருந்தினாலும் கீழ்க்கண்டவை இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்:

- காய்ச்சல் 102-ஐத் தாண்டுவது, அல்லது 48 மணி நேரத்துக்குப் பிறகும் தொடர்வது.
- பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் கண் திறக்காமல் சோர்ந்து கிடப்பது, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது.
- வேகமாக மூச்சு வாங்குவது, விலாவுக்குக் கீழே குழி விழுவது.
- உச்சிக்குழி புடைத்திருப்பது, அல்லது விரலால் அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள்.
- எப்படித் தேற்றினாலும் அடங்காமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் வீறிட்டு அழுவது.
- திடீரென வெளிறி, துவண்டு, கூப்பிட்டால் அசைவில்லாமல் போவது.
- கால்களை வயிற்றோடு மடக்கி விட்டு விட்டு அழுவது, பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம். குடல் ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொள்வதன் அறிகுறி இது. ரோட்டா சொட்டு மருந்துக்குப் பிந்தைய நாட்களில் மிக அரிதாக வரலாம்.

வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீர், மருந்து, ஸ்பூன் எதையும் வைக்காதீர்கள். நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். வலிப்பு தானாக நின்றுவிட்டாலும் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

அடுத்த ஊசி?

இரண்டு நாள் காய்ச்சல், சிணுங்கல், கால் வீக்கம் இவையெல்லாம் அடுத்த தவணையை நிறுத்தக் காரணங்கள் அல்ல. கக்குவான் இருமல் மிக ஆபத்தாக இருப்பது இந்த வயதுக் குழந்தைகளுக்குத்தான். ஒரு தவணையோடு நிறுத்தினால் பாதுகாப்பு முழுமையாகாது. அதே சமயம் வலிப்பு, துவண்டுபோதல், உடனடி ஒவ்வாமை ஆகியவற்றில் எது வந்திருந்தாலும் அதை மறைக்காமல் அடுத்த ஊசிக்கு முன் சொல்லிவிட வேண்டும். காய்ச்சல் தொடங்கிய நேரம், எத்தனை டிகிரி, எப்போது நின்றது, என்ன மருந்து எத்தனை மில்லி என்று தடுப்பூசி அட்டையின் ஓரத்தில் நாலு வரி எழுதி வைத்தால், அடுத்த முறை என்ன செய்வது என்று டாக்டர் முடிவெடுக்க அது உதவும்.