இரும்பு மாத்திரைக்கு ஏறாத ரத்தம்

என் அண்ணிக்கு நாற்பத்திரண்டு வயது. போன வருடம் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.4 என்று வந்தது. பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது கணக்கு. வழக்கம்போல இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அண்ணி அதோடு முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் என்று எதையும் விடவில்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் 10.5.

“ஒரு நாள்கூட விடாமத்தான் சாப்பிடுறேன் தம்பி, ரத்தம் மட்டும் ஏற மாட்டேங்குது” என்றார். குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது. நான் அதைச் சளி என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்துப் பார்த்த மருத்துவர் அதே பழைய ரிப்போர்ட்டில் வேறொரு வரியைப் படித்தார். எம்.சி.வி. என்ற வரி. ஒரு சிவப்பணு சராசரியாக எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லும் எண் அது. 80 முதல் 100 வரை இருப்பது இயல்பு. நாள்பட்ட இரும்புச்சத்துக் குறைவில் அணுக்கள் சிறுத்துப்போய், எண் பெரும்பாலும் 80க்குக் கீழே இறங்கிவிடும். அண்ணிக்கு 95. உடலில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொன்னார். அதுவும் போதுமான அளவு இருந்தது. கிடங்கில் இரும்பு இருக்கிறது, ரத்தம் மட்டும் ஊறவில்லை. அப்புறம்தான் அவர் கேட்க ஆரம்பித்தார். மற்றவர்கள் மின்விசிறி போடும்போது உங்களுக்கு மட்டும் குளிர்கிறதா? மலச்சிக்கல் உண்டா? முடி கொட்டுகிறதா? எடை கூடியிருக்கிறதா? எல்லாவற்றுக்கும் ஆமாம். டி.எஸ்.எச். பார்த்தபோது 58. அது ஏறக்குறைய 4 வரை இருக்கலாம். தைராய்டு நன்றாகவே சோர்ந்து போயிருந்தது.

கழுத்தில் இருக்கும் சுரப்பிக்கும் எலும்புக்குள் ஊறும் ரத்தத்துக்கும் என்ன தொடர்பு? இடையில் நிற்பது சிறுநீரகம். தனக்கு வந்து சேரும் ஆக்சிஜன் போதுமா என்பதை அது ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. போதவில்லை என்றால் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. அது எலும்பு மஜ்ஜைக்குப் போய், சிவப்பணுக்களை அதிகம் செய்யச் சொல்கிறது. ஆக்சிஜன் தாராளமாக இருந்தால் அந்தச் சுரப்பு குறைகிறது.

இனி தைராய்டுக்கு வருவோம். உடலின் ஒவ்வொரு திசுவும் எந்த வேகத்தில் எரிபொருளை எரிக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது தைராய்டு ஹார்மோன்தான். அது குறைந்தால் எல்லாம் மந்தமாகிறது. இதயம் மெதுவாகத் துடிக்கிறது, குடல் மெதுவாக நகர்கிறது, தோல் குளிர்கிறது. செலவு குறைந்ததால் ஆக்சிஜன் தேவையும் குறைகிறது. சிறுநீரகத்தின் கண்ணுக்கு எந்தப் பற்றாக்குறையும் தெரிவதில்லை. எரித்ரோபாய்டின் குறைகிறது, மஜ்ஜை வேலையைக் குறைத்துக்கொள்கிறது. அதுபோக, மஜ்ஜையில் வளரும் இளம் அணுக்களைத் தைராய்டு ஹார்மோன் நேரடியாகவும் தூண்டுகிறது. அந்தத் தூண்டலும் போய்விடுகிறது. ஆக, அண்ணியின் உடலில் ரத்தம் எங்கும் கசியவும் இல்லை, அழியவும் இல்லை. குறைந்துபோன தேவைக்குத் தகுந்த அளவில் உற்பத்தி நடந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். இரும்பை எவ்வளவு கொட்டினாலும் அது ஏன் எடுபடவில்லை என்பது இங்கே விளங்கும்.

இந்த வகைச் சோகை பெரும்பாலும் லேசானதாகவே இருக்கும். ஹீமோகுளோபின் 8க்கும் கீழே போனால் தைராய்டு மட்டும் காரணம் என்று நிறுத்திக்கொள்ளக் கூடாது, வேறொன்றையும் தேட வேண்டும். தைராய்டு குறைந்த பெண்கள் சிலருக்கு மாதவிடாயில் ரத்தம் அதிகமாகப் போகும். அப்போது உண்மையாகவே இரும்பு குறையும். தைராய்டைத் தாக்கும் அதே எதிர்ப்பாற்றல் கோளாறு சிலருக்கு வயிற்றையும் தாக்கி, பி12 உடலில் சேராமல் செய்துவிடும். அப்போது எம்.சி.வி. நன்றாக மேலே போகலாம். இவற்றைத் தனியாகச் சரிசெய்தே ஆக வேண்டும், தைராக்சின் மாத்திரை மட்டும் போதாது.

அண்ணிக்குத் தைராக்சின் தொடங்கினார்கள். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு, காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால். இரண்டு மாதம் கழித்து டி.எஸ்.எச். 31. இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. மருத்துவர் அளவைக் கூட்டுவதற்கு முன்னால், மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். அண்ணி தயங்கித் தயங்கிச் சொன்னார். மிச்சம் இருந்த இரும்பு மாத்திரை வீணாகப் போகிறதே என்று இரண்டையும் சேர்த்தே விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். வயிற்றுக்குள் இரும்பு தைராக்சினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடலில் சேர விடாது. கால்சியம் மாத்திரையும் அப்படித்தான். இரண்டும் தேவைப்படுகிறவர்கள் நடுவில் நான்கு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். அண்ணிக்கு இரும்பே தேவையில்லை என்பதால் அதை நிறுத்தினார்கள். அடுத்த இரண்டு மாதத்தில் டி.எஸ்.எச். 4க்கு வந்தது.

ஹீமோகுளோபின் அப்போதும் 11தான். இங்கேதான் பலர் மனம் சலித்து மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. ஒரு நாளில் புதிதாக மாறுவது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மஜ்ஜை பழைய வேகத்துக்குத் திரும்பினாலும், அது ரிப்போர்ட்டில் எண்ணாகத் தெரிய மாதங்கள் ஆகும். குளிரும் மலச்சிக்கலும் முதலில் விலகின, ரத்தம் கடைசியில்தான் ஏறியது. இன்னும் நான்கு மாதம் போன பிறகு 12.3.

தைராய்டு மட்டுமல்ல, வேறு ஹார்மோன்களும் மஜ்ஜையை இயக்குகின்றன. ஆண்களின் ஹீமோகுளோபின் அளவு 13லிருந்து தொடங்குவதற்கு டெஸ்டோஸ்டிரோன் ஒரு முக்கியக் காரணம். புராஸ்டேட் புற்றுநோய்க்காக அந்த ஹார்மோனை அடக்கும் சிகிச்சை பெறும் ஆண்களுக்குச் சில மாதங்களில் ஒரு கிராம் அளவுக்கு இறங்குவது சாதாரணம். குறைபாடு உள்ளவர்களுக்கு அதைக் கொடுத்தால் ஏறும். அளவு மீறினால் ரத்தம் கெட்டியாகும் என்பதால் அடிக்கடி பரிசோதிக்க வேண்டும்.

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது பிட்யூட்டரி. மூளைக்கு அடியில் இருக்கும் இந்தச் சிறு சுரப்பிதான் தைராய்டு, அட்ரினல், கருப்பை முட்டைச் சுரப்பி எல்லாவற்றையும் ஏவுகிறது. பிரசவத்தில் ரத்தம் மிக அதிகமாகப் போனால், கர்ப்பத்தில் பெருத்திருக்கும் இந்தச் சுரப்பிக்கு ரத்தம் போய்ச் சேராமல் அதன் பகுதி கருகிவிடலாம். 1937இல் இதை விவரித்த ஹரால்ட் ஷீஹன் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் பெயரிலேயே இந்த நோய் அறியப்படுகிறது. தாய்க்குப் பால் சுரக்காது, மாதவிடாய் திரும்பாது, அசதி விடாது, ரத்தம் ஏறாது. “பிரசவத்துல ரத்தம் போனதுதான் காரணம்” என்று வருடக்கணக்கில் இரும்பு கொடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

இவர்களிடம் டி.எஸ்.எச். பார்த்தால் ஏமாற்றிவிடும். அதைச் சுரப்பதே பிட்யூட்டரிதான் என்பதால், தைராய்டு தூங்கிக் கிடக்கும்போதும் அந்த எண் இயல்பாகத் தெரியலாம். ஃப்ரீ டி4, காலை நேரத்துக் கார்ட்டிசால் இரண்டையும் பார்க்க வேண்டும். சிகிச்சையிலும் வரிசை உண்டு. முதலில் கார்ட்டிசாலுக்கு மாற்று மருந்து, அதன் பிறகே தைராக்சின். தைராக்சினை முதலில் கொடுத்தால், மிச்சமிருக்கும் கொஞ்சம் கார்ட்டிசாலும் வேகமாகச் செலவாகி, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வரிசை தவறாமல் கொடுத்தால் இவர்களுக்கும் ரத்தம் மாதக்கணக்கில் மெல்ல ஏறுகிறது. குழந்தைக்கு ஐந்து வயது, பத்து வயது ஆன பிறகும் வெளிறிப்போய் வந்து நிற்கும் ஒரு தாயிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே: பிரசவத்தின்போது எவ்வளவு ரத்தம் போனது? பிள்ளைக்குப் பால் சுரந்ததா?