விரலி காலியாகத் தெரிகிறதா? கோப்புகள் ஒளிந்திருக்கலாம்

இடுபணி ஒப்படைக்கும் வாரம் வந்துவிட்டால் எங்கள் கல்லூரிக் கணினிக்கூடத்திற்கு விரலிகளும் வரிசையாக வந்துவிடும். பெரும்பாலும் ஒரே புகார்தான்: "உள்ளே இருந்ததெல்லாம் போயிடுச்சு." அங்குத் தொழில்நுட்ப உதவியாளராக வேலை செய்கிறேன். இப்படி வரும் விரலிகள் பலவற்றில் எதுவுமே போயிருக்காது.

போன பருவத்தில் இறுதியாண்டு மாணவி ஒருவர் கொண்டுவந்த விரலியைப் பார்ப்போம். அறிக்கையை அச்சிட ஒரு கடைக்குப் போய், அங்கிருந்த கணினியில் விரலியைச் செருகியிருக்கிறார். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவருடைய நான்கு கோப்புறைகளின் மூலையிலும் சிறிய வளைந்த அம்புக்குறி இருந்திருக்கிறது. சொடுக்கினால் திறந்தன, அதனால் அவர் பொருட்படுத்தவில்லை. மறுநாள் தோழியின் மடிக்கணினியில் செருகியதும் வைரஸ் தடுப்பு மென்பொருள் அந்த நான்கையும் அழித்துவிட்டது. திறந்தால் விரலி காலி.

"அண்ணா, அதுதான் என் ஃபைலையெல்லாம் அழிச்சிருச்சு," என்றார்.

விரலியின் சின்னத்தை வலது சொடுக்கி Properties பார்க்கச் சொன்னேன். Used space என்ற இடத்தில் 3.1 ஜிபி என்று இருந்தது. காலியான விரலி அவ்வளவு இடம் பிடிக்காது. இப்படிப்பட்ட நேரத்தில் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். அது கிட்டத்தட்டச் சுழியமாக இருந்தால் கோப்புகள் உண்மையிலேயே அழிக்கப்பட்டிருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு, விரலியில் புதிதாக எதையும் எழுதாமல் மீட்பு மென்பொருளைத் தேட வேண்டும். இங்கே அப்படியில்லை. மென்பொருள் அழித்தது போலி ஷார்ட்கட்களைத்தான். உண்மையான கோப்புறைகளை வைரஸ் முன்பே ஒளித்து வைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்களைப் போட்டிருந்தது. ஷார்ட்கட்டைச் சொடுக்கினால் முதலில் வைரஸ் ஓடும். பிறகு உண்மையான கோப்புறை திறக்கும். பயனாளருக்குச் சந்தேகமே வராது.

எப்படி ஒளிக்கிறது? விண்டோஸில் ஒவ்வொரு கோப்புக்கும் சில அடையாளங்கள் உண்டு. H என்றால் மறைக்கப்பட்டது, S என்றால் இயங்குதளத்திற்கு உரியது, R என்றால் படிக்க மட்டும். கோப்பின் உள்ளே எதுவும் மாறுவதில்லை. பட்டியலில் கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறி விழுகிறது, அவ்வளவுதான். அந்தக் குறியைப் பார்த்ததும் எக்ஸ்புளோரர் அந்தக் கோப்பைக் காட்டாமல் விடுகிறது.

இந்த அளவு தெரிந்த மாணவர்கள் View பட்டியலில் Hidden items என்பதைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பார்கள். விண்டோஸ் 11இல் அது View, Show என்ற வரிசையில் இருக்கும். இந்த மாணவியும் செய்து பார்த்திருக்கிறார், ஒன்றும் தெரியவில்லை. காரணம், வைரஸ் H குறியோடு S குறியையும் சேர்த்துப் போட்டிருந்தது. இரண்டும் இருந்தால் விண்டோஸ் அதைத் தன் சொந்தக் கோப்பு என்று நினைத்துக் கூடுதலாக மறைக்கும். அதைக் காண Folder Options பெட்டியின் View பகுதியில் Hide protected operating system files என்ற வரியின் குறியையும் எடுக்க வேண்டும். எச்சரிக்கை ஒன்று வரும்; ஒப்புக்கொண்டால் கோப்புறைகள் மங்கிய நிறத்தில் தோன்றும்.

பார்த்தால் மட்டும் போதாது, குறிகளை நீக்கவும் வேண்டும். அதற்குக் கட்டளைச் சாளரமே எளிது. தொடக்கப் பட்டியலில் cmd என்று தட்டித் திறந்து, விரலியின் எழுத்து E என்றால் இப்படி எழுதுங்கள்:

```
dir /a E:\
attrib -s -h -r /s /d E:\*.*
```

முதல் வரி மறைந்திருப்பவை உட்பட எல்லாவற்றையும் பட்டியலிடும். இரண்டாவது வரி மூன்று குறிகளையும் கழற்றும். /S உள்ளே இருக்கும் கோப்புகளுக்கும், /d கோப்புறைகளுக்கும் அதைச் செய்யச் சொல்கிறது. -s போடாமல் -h மட்டும் போட்டால் "Not resetting system file" என்று மறுத்துவிடும். விரலியின் எழுத்தை இருமுறை சரிபாருங்கள். E இடத்தில் C என்று போட்டால் விண்டோஸின் சொந்தக் கோப்புகளில் கைவைத்ததாகிவிடும்.

மாணவியின் நான்கு கோப்புறைகளும் வெளியே வந்தன. சில விரலிகளில் இன்னொரு தந்திரமும் பார்த்திருக்கிறேன்: எல்லாக் கோப்புகளும் பெயரே இல்லாத ஒரு கோப்புறைக்குள் கிடக்கும். பெயர் இல்லாமலில்லை, கண்ணுக்குத் தெரியாத இடைவெளி எழுத்துதான் அதன் பெயர். குறிகளை நீக்கிவிட்டு அதற்குள் போய் எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் கூடத்தில் உபுண்டு ஓடும் பழைய கணினி ஒன்று உண்டு. சந்தேகமான விரலியை நான் முதலில் அதில்தான் செருகுவேன். விண்டோஸுக்காக எழுதிய ஷார்ட்கட் அங்கே ஓடாது. அதோடு, விண்டோஸ் போட்ட H, S குறிகளை லினக்ஸின் கோப்பு உலாவி கண்டுகொள்வதில்லை. எந்தக் கட்டளையும் தட்டாமலே எல்லாக் கோப்புறைகளும் பளிச்சென்று தெரியும்.

அப்படியென்றால் லினக்ஸில் மறைந்த கோப்பே கிடையாதா? உண்டு. ஆனால் அங்கே குறி பெயரிலேயே இருக்கிறது: புள்ளியில் தொடங்கும் எந்தப் பெயரும் மறைக்கப்படும். யூனிக்ஸ் உருவான காலத்தில், ஒவ்வொரு கோப்புறையிலும் இருக்கும் "." ".." என்ற இரண்டையும் பட்டியலில் காட்டாமலிருக்க, முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்திருக்கிறார்கள். அதனால் புள்ளியில் தொடங்கும் மற்ற பெயர்களும் சேர்ந்து மறைந்தன. மற்றவர்கள் தங்கள் அமைப்புக் கோப்புகளை அங்கே ஒதுக்கத் தொடங்கினார்கள். அது திட்டமிட்டு வைத்த வசதி அல்ல, குறுக்குவழியில் நேர்ந்தது என்று யூனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக் எழுதியிருக்கிறார். உபுண்டுவில் Ctrl+H அழுத்தினால் இவை தெரியும். கட்டளைச் சாளரத்தில் `ls -a`. மேக்கும் யூனிக்ஸ் வழிவந்ததுதான். அங்கே ஃபைண்டரில் Command+Shift+புள்ளி.

ஓர் இயங்குதளம் மறைப்பதை இன்னொன்று மறைக்காது என்பதால் எதிர்ப்பக்கமும் குழப்பம் வரும். மேக்கில் சுருக்கிய ஸிப் கோப்பை விண்டோஸில் விரித்தால் __MACOSX என்றொரு கோப்புறை கூடவே வரும். அதற்குள் ._report.docx என்பதுபோல் உங்கள் கோப்பின் பெயரிலேயே ஒன்று இருக்கும். அது மேக் தனக்காக எழுதிவைத்த சிறு குறிப்பு; அறிக்கை அதில் இல்லை. விரிவுரையாளர் அதைத் திறக்கப் பார்த்து, "உன் கோப்பு பழுதாகியிருக்கிறது" என்று மின்னஞ்சல் அனுப்பிய கதைகள் எங்களிடம் உண்டு. மேக் வைத்திருப்பவர்கள் ஒரே ஓர் அறிக்கையை அனுப்புவதென்றால் ஸிப் ஆக்காமல் அனுப்பலாம்.

மாணவியின் விரலிக்கு இன்னும் வேலை இருந்தது. ஆவணங்கள், படங்கள் மட்டும் நகலெடுத்தோம், அவர் வைக்காத.lnk, .vbs, .exe கோப்புகளைத் தொடவில்லை. நகலை வைரஸ் தடுப்பு மென்பொருளால் சோதித்த பிறகு விரலியை ஃபார்மெட் செய்தோம். ஆனால் அவர் வீட்டுக் கணினியில் அந்த ஷார்ட்கட்டைச் சொடுக்கியிருந்தாரே! சுத்தமான விரலி ஒன்றில் ஒரு வெற்றுக் கோப்புறையை உருவாக்கி, வீட்டுக் கணினியில் செருகிப் பார்க்கச் சொன்னேன். சில நொடிகளில் அம்புக்குறி வந்துவிட்டதாம். அந்தக் கணினியையும் முழுமையாகச் சோதித்துச் சுத்தம் செய்த பிறகுதான் தொல்லை நின்றது.

வேலை முடிந்ததும் Folder Options பெட்டியில் எடுத்த குறியைத் திரும்பப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் மேசைத்திரையில் desktop.ini என்ற மங்கிய கோப்பு, சில நேரம் இரண்டு, வந்து உட்கார்ந்திருக்கும். அது வைரஸ் அல்ல. கோப்புறை எப்படித் தோன்ற வேண்டும் என்று விண்டோஸ் எழுதிவைத்தது.