ஒட்டுப்போட்ட இடம் பிறகு காட்டிக்கொடுக்காமலிருக்க

பழைய கல்யாணப் படம் ஒன்றை ஸ்கேன் செய்கிறோம். பின்னால் தெரியும் சுவரின் குறுக்கே ஒரு மடிப்புக் கோடு. பக்கத்துச் சுவரிலிருந்து ஒரு துண்டை எடுத்து அதன்மேல் ஒட்டியதும் கோடு போய்விடுகிறது. திரையில் பார்த்தால் ஒட்டு தெரிவதில்லை. ஆனால் உறவினர்கள் அதை வெட்டியும் சேமித்தும் மறுபடி அனுப்பியும் கைமாறி வரும்போது, அதே இடத்தில் கட்டம் கட்டமாக ஒரு பட்டை எழும்பி நிற்கிறது.

காரணம், ஜேபெக் படத்தைச் சுருக்கும் விதம். படத்தை அது 8க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்தின் சராசரி வெளிச்சத்தை ஓரளவு நுணுக்கமாக வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் பொடிப்பொடி மாற்றங்களை முரட்டுத்தனமாக முழுமைப்படுத்திவிடுகிறது. பழைய படங்களில் எங்கும் பரவியிருக்கும் பொடிப்புள்ளிகள், அதாவது கிரெய்ன், முதலில் அழிவது இதனால்தான்.

ஒட்டுக்கும் சுவருக்கும் இரண்டு மூன்று அளவு வெளிச்ச வித்தியாசம் இருந்தாலும், அதுவரை அந்தக் கிரெய்ன்தான் அதை மறைத்துவந்தது. கிரெய்ன் போனதும் வித்தியாசம் மட்டும் மிஞ்சுகிறது. வழக்கமான அட்டவணைப்படி தரம் 50இல் சேமித்தால், கட்டத்தின் சராசரி வெளிச்சம் இரண்டிரண்டு அளவாகத்தான் நகரும். மென்மையாகக் கலந்திருந்த விளிம்பு அப்போது படிக்கட்டாக மாறிவிடுகிறது. இடையில் யாராவது ஓரத்தை வெட்டினால் கட்டங்களும் இடம் மாறி, சேதம் புதிதாகத் தொடங்கும்.

ஆகவே வேலை நடக்கும்வரை ஜேபெக் பக்கமே போகக் கூடாது. ஸ்கேனை டிஃப் கோப்பாக எடுத்து, திருத்தும் படத்தை கிம்ப் என்றால் `.xcf`, ஃபோட்டோஷாப் என்றால் `.psd` கோப்பாகச் சேமிக்க வேண்டும். ஒட்டைத் தனி லேயரில் வைத்தால் பிறகு சரிசெய்வது எளிது.

சேமித்ததும் ஒரு சோதனை செய்யலாம். தரம் 50இல் ஒரு நகல் எடுத்து, அதைத் திறந்து கான்ட்ராஸ்ட்டை நன்றாக ஏற்றிப் பாருங்கள். பட்டை தெரிந்தால் மூலக் கோப்புக்குத் திரும்ப வேண்டும். முதலில் ஒட்டின் வெளிச்சத்தைச் சுவரோடு பொருத்துங்கள். பிறகு விளிம்பை இன்னும் அகலமாகக் கலக்கவிடுங்கள். ஒட்டு வழவழப்பாக இருந்தால், சுற்றியுள்ள அளவுக்கே கிரெய்ன் சேருங்கள். வெறும் கிரெய்னைத் தூவி வெளிச்ச வித்தியாசத்தை மூடினால், அடுத்த சுருக்கத்தில் அது மறுபடி வெளிப்படும். சோதனை நகலில் பட்டை மறையும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும்.

பகிர்வதற்கான ஜேபெக்கை அந்த மூலக் கோப்பிலிருந்து ஒரே தடவை, தரம் 90க்கு மேல் எடுங்கள். அளவைச் சிறிதாக்குவதும் வெட்டுவதும் அதற்கு முன்பே முடிந்திருக்கட்டும். வண்ணப் படமென்றால் ஏற்றுமதிப் பெட்டியில் 4:4:4 என்பதைத் தேர்ந்தெடுத்தால் நிறத்தின் விளிம்பும் கரையாது. வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போய்ச்சேரும். அதன்பின் பெறுபவர் என்ன செய்கிறார் என்பது நம் கையில் இல்லை. யாராவது நல்ல பிரதி கேட்டால், சுற்றிவந்த படத்தைத் தேடாமல் மூலக் கோப்பிலிருந்தே புதிதாக எடுத்துக் கொடுங்கள்.