'மஞ்சள்' காட்டினால் சாப்பிடலாமா? பாக்கெட்டில் இருக்கும் 'ஒரு பரிமாறல்' கணக்கை கவனிங்க!

உணவு பாக்கெட்டின் முன்பக்கத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறமோ, நட்சத்திரமோ இருந்தால் அதை வைத்தே பலரும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அந்த நிறம் எந்த அளவு உணவுக்கு என்பதுதான் கேள்வி.

ஒரே பாட்டில், இரண்டு நிறம்

100 கிராமில் 56 கிராம் சர்க்கரை உள்ள ஒரு சாக்லேட் ஸ்ப்ரெட்டை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனின் டிராஃபிக் லைட் முறையில், 100 கிராமில் 22.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தாலே சிவப்பு. ஆக, இதற்கு சிவப்புதான்.

அதே பாட்டிலில் 'ஒரு பரிமாறல் 15 கிராம்' என்று போட்டு, அதற்கு மட்டும் நிறம் கொடுத்தால்? சர்க்கரை வெறும் 8.4 கிராம். சிவப்பு காணாமல் போய், மஞ்சள் வந்துவிடும். உள்ளே இருக்கும் பொருள் மாறவே இல்லை!

ஐரோப்பாவில் நடந்தது என்ன?

2017-ல் கோகோ கோலா, நெஸ்லே, மார்ஸ் உள்ளிட்ட 6 பெரிய நிறுவனங்கள், பரிமாறல் அளவை வைத்து நிறம் கொடுக்கும் முறையை முன்வைத்தன. ஸ்ப்ரெட்டை யாரும் 100 கிராம் சாப்பிடுவதில்லை என்பது அவர்கள் தரப்பு வாதம். நிறுவனம் சொல்லும் அளவோடு யார் நிறுத்துகிறார்கள் என்று நுகர்வோர் அமைப்புகள் எதிர்த்தன. 2018-ல் மார்ஸ் விலகியது, நெஸ்லேவும் நிறுத்தி வைத்தது.

இரண்டு பிரெட் துண்டில் தாராளமாக தடவினால் 45 கிராம் போய்விடும். அப்போ சர்க்கரை 25 கிராம், அதாவது பாட்டில் சொல்வதைப் போல மூன்று மடங்கு.

நட்சத்திரத்திலும் இதே கதை

ஆஸ்திரேலியாவில் மைலோ பொடிக்கு 4.5 நட்சத்திரம் இருந்தது. கொழுப்பு நீக்கிய பாலில் சில ஸ்பூன் மட்டும் கலந்து குடிப்பதாக வைத்துப் போட்ட கணக்கு அது. நட்சத்திரம் பெரும்பாலும் பாலுக்குக் கிடைத்தது! பொடிக்கு மட்டும் கணக்கிட்டால் 1.5 தான். விமர்சனம் எழுந்ததும் 2018-ல் அந்த 4.5-ஐ நெஸ்லே நீக்கியது.

நம்ம ஊரில் எப்படி பார்ப்பது?

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வெளியிட்ட நட்சத்திர வரைவு, 100 கிராம் கணக்கில்தான் தயாரானது. ஆனால் பாக்கெட்டின் பின்பக்கம் வரும் தினசரி தேவை சதவீதம், 'ஒரு பரிமாறலுக்கு' உரியது. அந்த அளவை நிறுவனமே குறிப்பிடுகிறது.

அதனால் சதவீதத்தை விட்டுவிட்டு, '100 கிராமுக்கு' என்ற வரிசையைப் பாருங்கள். இரண்டு பிராண்டுகளை ஒப்பிட அதுதான் சரி. பிறகு, நீங்கள் வழக்கமாக சாப்பிடும் அளவை ஒருமுறை சமையலறை தராசில் நிறுத்துப் பாருங்கள். பாக்கெட் சொல்லும் பரிமாறலைப் போல அது எத்தனை மடங்கோ, சர்க்கரையும் உப்பும் அத்தனை மடங்கு.