1,250 ரூபாய் எங்கே போகிறது?

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கும் ஒரு தங்கை, செல்போனில் தன் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து என்னிடம் நீட்டினார். "ஏனுங்கண்ணா, என்ற சம்பளத்துல 2,880 ரூபாய் புடிக்கிறாங்க. கம்பெனியும் அதே அளவு போடோணும்னு சொல்றாங்க. ஆனா 1,630 தானே காட்டுது? மீதியை யாரு எடுத்துக்கறாங்க?"

யாரும் எடுக்கவில்லை. அதே வரியில் இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிப் பார்த்தால் 'பென்ஷன்' என்ற தலைப்பின் கீழ் 1,250 இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 2,880 வந்துவிடும்.

அவருடைய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 24,000 ரூபாய். அதில் 12 சதவீதம் அவர் பங்கு. அது முழுக்க பி.எஃப். கணக்குக்குப் போகிறது. முதலாளியும் 12 சதவீதம் கட்டுகிறார். ஆனால் அந்தப் பணம் இரண்டாகப் பிரிகிறது: 8.33 சதவீதம் 1995-இல் தொடங்கிய தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்துக்கும், மீதி பி.எஃப். கணக்குக்கும் போகும். ஓய்வூதியப் பங்குக்கு மட்டும் ஓர் உச்சவரம்பு உண்டு. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 15,000 ரூபாய்க்குத்தான் அதைக் கணக்கிடுவார்கள். 15,000-இல் 8.33 சதவீதம், முழு ரூபாயாக்கினால் 1,250. அதற்கு மேல் உள்ளதெல்லாம் பி.எஃப்.-க்கே. 12,000 ரூபாய் சம்பளக்காரருக்கு இதே கணக்கு 1,000, 440 என்று பிரியும்.

சில கம்பெனிகள் தங்கள் 12 சதவீதத்தையே 15,000 ரூபாய்க்கு மட்டும் கட்டுகின்றன. சட்டம் அதை அனுமதிக்கிறது. அப்போது மொத்தம் 1,800. அதில் 1,250 ஓய்வூதியத்துக்குப் போக, பி.எஃப்.-க்கு வருவது 550 மட்டுமே.

பலர் தவறாகப் புரிந்துகொள்வது பென்ஷன் பத்தியைத்தான். பி.எஃப். பணத்துக்கு ஆண்டுதோறும் வட்டி சேரும். பென்ஷன் பத்திக்குச் சேராது. அது உங்கள் பெயரில் வளரும் சேமிப்பு அல்ல, எல்லோருக்கும் பொதுவான நிதிக்குப் போகும் பணம். எவ்வளவு கட்டினீர்கள் என்பதை வைத்து ஓய்வூதியம் வருவதில்லை. சம்பளமும் சேவை ஆண்டுகளும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. கடைசி 60 மாதச் சம்பளச் சராசரியைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். இந்தத் தங்கை 2015-இல் 9,000 ரூபாய்ச் சம்பளத்தில், 30 வயதில் சேர்ந்தவர். விடாமல் 58 வயது வரை உழைத்தால் 28 ஆண்டுகள். 20 ஆண்டு தாண்டியவர்களுக்குத் தரும் இரண்டு ஆண்டுச் சலுகையைச் சேர்த்தால் 30. உச்சவரம்பு இப்படியே இருந்தால் 15,000-ஐ 30-ஆல் பெருக்கி 70-ஆல் வகுக்க, மாதம் 6,428 ரூபாய் வரும். இதற்குக் குறைந்தது 10 ஆண்டுச் சேவை வேண்டும்.

அவருடைய தம்பியின் பாஸ்புக்கையும் பார்த்தேன். பிழை இருந்தது அதில்தான். 2022-இல் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்தபோதே அவருக்கு 18,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம். 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு, 15,000-க்கு மேல் சம்பளத்தோடு புதிதாகச் சேருபவருக்கு ஓய்வூதியத் திட்டத்தில் இடமில்லை. முதலாளியின் 2,160 ரூபாயும் பி.எஃப்.-க்கே போயிருக்க வேண்டும். ஆனால் மாதாமாதம் 1,250 பென்ஷன் பத்தியில் விழுந்துகொண்டிருந்தது. ஓய்வூதியம் கிடைக்கும் என்று அவர் நம்பியிருக்க, பி.எஃப். கணக்கிலோ அந்தப் பணம் சேரவே இல்லை. இப்படிப்பட்ட தவறு பெரும்பாலும் பணம் எடுக்க விண்ணப்பிக்கும் நாளில்தான் வெளியே வருகிறது.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. அக்காவைப் போல குறைந்த சம்பளத்தில் சேர்ந்து ஓய்வூதியத் திட்டத்துக்குள் வந்துவிட்டவர், சம்பளம் 15,000 தாண்டினாலும் உறுப்பினராகவே தொடர்வார். அவர் வேறு கம்பெனிக்கு மாறும்போது, படிவம் 11-இல் பழைய உறுப்பினர் விவரத்தை எழுதாமல் விட்டால், புதிய ஆள் என்று நினைத்துப் பென்ஷன் பத்தியில் பூஜ்யம் போட்டுவிடுவார்கள். அந்த ஆண்டுகள் சேவைக் கணக்கில் ஏறாமல் போகும் ஆபத்து இருக்கிறது. 58 வயதுக்குப் பிறகும் வேலையில் இருப்பவருக்கு மட்டும் பூஜ்யம்தான் சரி. அந்த வயதோடு ஓய்வூதியப் பங்கு நின்று, முழு 12 சதவீதமும் பி.எஃப்.-க்குப் போய்விடும்.

தம்பியிடம் கம்பெனியின் சம்பளப் பிரிவுக்கு எழுத்தில் கேட்கச் சொல்லியிருக்கிறேன். திருத்தம் நிறுவனத்தின் வழியாக பி.எஃப். அலுவலகத்துக்குப் போக வேண்டும், வாய்வார்த்தையில் நடக்காது. நீங்களும் உங்கள் யூஏஎன் எண்ணோடு passbook.epfindia.gov.in தளத்தில் நுழைந்து பென்ஷன் பத்தியைப் பாருங்கள். முதல் வேலையில் சேர்ந்த ஆண்டு, அன்றைய சம்பளம், இப்போது அங்கே உள்ள தொகை மூன்றும் பொருந்தவில்லை என்றால், வேலையில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.