மணல் குவியலின் சரிவும் உராய்வுக் குணகமும்

காய்ந்த மணலை ஒரே இடத்தில் மெல்லக் கொட்டிக்கொண்டே வந்தால் அது கூம்பாக உயரும். ஓர் அளவு வரை சரிவு செங்குத்தாகிக்கொண்டே போகும். அதன் பிறகு மேலே விழும் மணல் அங்கே தங்காமல் வழிந்து இறங்கி அடிப்பாகத்தை அகலப்படுத்தும். குவியல் பெருத்தாலும் சரிவு மாறாது. தரையோடு அந்தச் சரிவு அமைக்கும் கோணமே சறுக்குக் கோணம். காய்ந்த மணலுக்கு இது பெரும்பாலும் 30 முதல் 35 டிகிரி வரை இருக்கும். பாலைவன மணற்குன்றில் காற்று படாத பக்கம் பல மீட்டர் உயரம் இருந்தாலும் அதன் சரிவும் இந்த அளவில்தான் நிற்கிறது.

குவியலின் அளவுக்கும் கோணத்துக்கும் தொடர்பில்லாமல் போவது ஏன்? சரிவின் மேல் கிடக்கும் மெல்லிய மணல் அடுக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதன் எடை நேர் கீழ்நோக்கி இழுக்கிறது. அந்த எடையின் ஒரு பகுதி அடுக்கைச் சரிவின் வழியே கீழே தள்ளுகிறது; இன்னொரு பகுதி அதை அடியிலுள்ள மணலோடு அழுத்துகிறது. சரிவு 30 டிகிரி என்றால் தள்ளும் பகுதி எடையில் சரிபாதி, அழுத்தும் பகுதி எடையில் 0.87 பங்கு. உராய்வு தாங்கக்கூடிய அதிகபட்ச விசை, அழுத்தும் விசையை உராய்வுக் குணகத்தால் பெருக்கினால் கிடைப்பது. தள்ளும் விசை அதைத் தாண்டும் வரை அடுக்கு நகராது. இரண்டும் சமமாகும் கோணம் θ என்றால்,

mg sin θ = μ mg cos θ
μ = tan θ

எடை இரு பக்கமும் அடிபட்டுப் போகிறது. அடுக்கு கனமானால் தள்ளுவதும் கூடுகிறது, பிடித்து நிறுத்துவதும் அதே விகிதத்தில் கூடுகிறது. பெரிய குவியலும் சிறிய குவியலும் ஒரே கோணத்தில் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே உராய்வுக் குணகத்தைக் கண்டறிய ஓர் அளவுநாடா போதும். குவியலின் அடிச்சுற்றளவு 188 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், அதை 6.28 ஆல் வகுக்க ஆரம் 30 செ.மீ. எனக் கிடைக்கும். உயரம் 20 செ.மீ. என்றால் 20 ஐ 30 ஆல் வகுக்க 0.67. இதுவே μ, கோணம் ஏறக்குறைய 34 டிகிரி. இதே மணலில் 40 செ.மீ. உயரக் குவியல் எழுப்ப வேண்டுமானால் ஆரமும் 60 செ.மீ. ஆகிவிடும், எட்டு மடங்கு மணல் தேவைப்படும். அளக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உயரத்திலிருந்து கொட்டினால் விழும் வேகத்தில் உச்சி மழுங்கும். ஓரத்தில் சில மணிகள் தூரமாக உருண்டு ஓடும். அதனால் கரண்டியைக் குவியலின் உச்சிக்கு அருகிலேயே பிடித்துக் கொட்ட வேண்டும். நடுச்சரிவின் நேரான பகுதியில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்துக் கோணம் பார்ப்பது இன்னும் நம்பகமானது.

கிடைக்கும் 0.67 எதன் உராய்வு என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அது ஒரு மணியின் பரப்பு இன்னொரு மணியின் பரப்பில் தேய்வதற்கான குணகம் அல்ல. மணல் என்ற மொத்தப் பொருளுக்கு உரியது. மணிகள் ஒன்றின் இடுக்கில் ஒன்று அமர்ந்திருக்கின்றன. மேல் அடுக்கு நகர வேண்டுமானால் முதலில் அந்தப் பள்ளங்களிலிருந்து சற்று மேலே ஏற வேண்டும். அந்தப் பின்னலும் சேர்ந்தே குணகமாக வெளிப்படுகிறது. மணிகளின் வடிவம் மாறினால் கோணம் மாறுவதும் இதனால்தான். வழவழப்பான கண்ணாடி உருண்டைகள் சுமார் 25 டிகிரியிலேயே சரிந்துவிடும். கல்லை உடைத்துத் தயாரிக்கும் எம்-சாண்ட் போன்ற முனை கூர்ந்த மணிகள், உருண்டு தேய்ந்த மணலைவிடச் செங்குத்தாக நிற்கும்.

உற்றுப் பார்த்தால் கோணமும் ஒன்றல்ல, இரண்டு. மணலைத் தொடர்ந்து தூவும்போது சரிவு சற்றுக் கூடுதலான ஒரு கோணம் வரை தாக்குப்பிடிக்கும். பிறகு ஒரு படலம் மொத்தமாகச் சரிந்து, ஓரிரு டிகிரி தணிந்த கோணத்தில் நிற்கும். அசையாத பொருளை நகர்த்தத் தேவைப்படும் விசை, நகர்ந்துகொண்டிருக்கும் பொருளுக்குத் தேவைப்படுவதைவிடக் கூடுதலாக இருப்பதை ஒத்தது இது. எந்தக் கோணத்தை அளந்தோம் என்று குறிக்காமல் விட்டால் இருவர் அளவுகள் ஒத்துவராது.

ஈரம் சேர்ந்தால் கணக்கே வேறு. மணிகளுக்கிடையே ஒட்டிய நீர் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் கூலும், 1773 இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் அளித்த ஆய்வுரையில், மண்ணின் தாங்குதிறனை அழுத்தத்தோடு வளரும் உராய்வு, அழுத்தத்தைச் சாராத ஒட்டுப்பிடிப்பு என இரண்டாகப் பிரித்தார். மேலே உள்ள சமன்பாட்டில் ஒட்டுப்பிடிப்பைச் சேர்த்தால் எடை அடிபடாது. சாண் உயர ஈரமணல் சுவர் செங்குத்தாக நிற்கும்; அதே மணலை ஆளுயரத்துக்கு வெட்டினால் எடை வளர்ந்து, வளராத ஒட்டுப்பிடிப்பை வென்றுவிடக்கூடும். காய்ந்ததும் சிறு சுவரும் உதிரும். எனவே ஒரே மணலில் சிறியதும் பெரியதுமாக இரண்டு குவியல் போட்டுப் பார்ப்பது நல்ல சோதனை. சிறியது கூடுதல் செங்குத்தாக நின்றால் மணலில் ஈரமோ களிமண்ணோ இருக்கிறது என்று பொருள்; அந்தக் கோணத்தின் tan மதிப்பை உராய்வுக் குணகமாக எடுத்துக்கொள்ள முடியாது.