பந்தியின் வலப்பாதை

சுங்கை பாக்காப்பிலிருந்து வாசகி ஒருவர், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் தம் வீட்டாரும் கோயில் குழுவினரும் இலைபோட்டுச் சோறிடும்போது ஒரு கோடியில் ரசம் ஊற்றும் வேளையில் மறுகோடியில் சாம்பாருக்குக் கூச்சலிடுகிறார்கள் என்றும், பரிமாறுவதற்கு ஆள் குறைவென்று சொல்ல முடியாதபடி ஆள்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்கிறார்கள் என்றும் எழுதி, இதற்கு ஏதேனும் முறை உண்டா என்று வினவியிருக்கிறார். நுனி இடப்பக்கம் வர இலை போடுவதும், பருப்பு, சாம்பார், ரசம், மோர் என்ற கிரமமும் நம்மவர் அனைவரும் அறிந்தவையாதலால், அவற்றைப் பற்றி நான் விஸ்தரிக்கப் போவதில்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை வழியெங்கும் உள்ள பந்தல்களில் சோறு ஓரிடத்தில் நிற்க, உண்பவர் அதைத் தேடி வருகிறார். பந்தியிலோ உண்பவர் அமர்ந்திருக்க, சோறு நடந்து வருகிறது. ஆகவே பந்தியின் சூட்சுமம் நடையில்தான் இருக்கிறது.

எதிரெதிரே இருபது இருபதாக நாற்பது இலைகள், நடுவில் ஒரு நடைவழி, அதன் ஒரு முனையில் சமையற்கட்டு என்று வைத்துக்கொள்வோம். பரிமாறுபவர் இடக்கையில் வாளியும் வலக்கையில் கரண்டியும் பிடிப்பவராதலால், வரிசை தம் வலப்புறம் இருக்குமாறு நடந்தால்தான் வாளி நடைவழியின் பக்கம் தொங்கி, எவருடைய இலைக்கு மேலும் செல்லாமல், சொட்டும் சாம்பார் தரையோடு போகும். அவ்வாறு சமையற்கட்டிலிருந்து ஒரு வரிசையோடு போய், கோடியில் திரும்பி, எதிர்வரிசையோடு வந்தால், வாளி காலியாகும் தறுவாயில் அவர் மீண்டும் சமையற்கட்டு வாயிலில் நிற்பார். எதிர்ப்படுவோர் எவருமில்லை. நம் மலேசியச் சாலைகளில் எல்லா வண்டிகளும் இடப்பக்கம் ஓடுகின்றன. பந்திச் சாலையில் மட்டும் வலப்பக்கமே விதி என்பது எனக்கு எப்போதும் வியப்பையளிக்கும் விநோதம்.

இதைவிட முக்கியமானது, எந்தச் சுற்றும் திசை மாறலாகாது என்பது. இலைக்கு நான்கு விநாடி என்று கொண்டாலும், முதல் இலையில் விழுந்த சோறு நாற்பதாம் இலையை எட்ட ஏறக்குறைய மூன்று நிமிடமாகும். நான்கைந்து இலை பின்தங்கிச் சாம்பார்க்காரர் தொடர்கிறார். அந்த இடைவெளியில்தான் உண்பவர் சோற்றில் குழி பறித்துக்கொள்கிறார். ஆறாவது நிமிடத்தில் ரசத்துக்கான சோறு அதே முதல் இலையிலிருந்து கிளம்பினால், நாற்பது பேருக்கும் சாம்பார்ச் சோறு உண்ண ஒரே அளவான அவகாசம் கிடைக்கும். மாறாக, கடைசி இலைக்காரர் கைநீட்டி அழைத்தார் என்பதற்காக அங்கிருந்து தொடங்கினால், அவருக்கு மூன்றே நிமிடம். முதல்வரோ ஒன்பது நிமிடம் விரல் காயக் காத்திருப்பார். வாசகி குறிப்பிடும் கூச்சல் பெரும்பாலும் இவ்வாறு பிறப்பதுதான்.

இந்த வளையத்தில் ஒரு சங்கடமும் உண்டு. முதல் இலைக்கு நேரெதிரே இருப்பதே நாற்பதாவது இலை. ஆதலால் கடைசியாகப் பெறுபவர், முதலில் பெற்றவர் உண்பதை முகத்துக்கெதிரே பார்த்திருக்க வேண்டும். அனுபவமுள்ள வீட்டார் சம்பந்திகளையும் மூத்தோரையும் அங்கே அமர்த்தாமல், தம் மைத்துனனையோ அண்ணன் மகனையோ அமர்த்துவதன் ரகசியம் இதுவே. கூட்டும் பொரியலும் ஊறுகாயும், ஆள்கள் அமருமுன்பே இலையேறிவிட வேண்டுமென்பதற்கும் இதுவே காரணம். தொட்டுக்கொள்ள ஏதேனும் இருந்தால் மூன்று நிமிடம் பெரிதாகத் தோன்றாது.

மறுசோறு வேறு கணக்கு. அதற்குக் கடிகாரம் உதவாது, கண்தான் உதவும். பழகியவர் தம் கரண்டியைப் பாராமல் மூன்று இலை முன்னதாகவே பார்த்துச் செல்கிறார், சோறு கைப்பிடியளவாகச் சுருங்கிய இலையின் முன் ஒரு கணம் நின்று, "சோறு போடட்டுமாங்க?" என்கிறார். இலைக்கு மேல் விரிந்த கை போதுமென்று சொன்னால், அத்துடன் நகர்ந்துவிடுகிறார். இக்காலத்து இளைஞர்களோ வாளியைக் காலி செய்வதே கடமையென்று கருதி, விரிந்த கையின் மேலேயே சாம்பாரை ஊற்றிவிடுகிறார்கள். பந்தி எழுந்தபின் இலையோடு குப்பைக்குப் போகும் சோற்றில் பெரும்பங்கு அந்த அவசரத்தின் சம்பாத்தியமே.

மண்டபங்களில் வேறோர் அநீதி நிகழ்கிறது. இடம் மிச்சமாகுமென்று நீண்ட மேசையின் இருபுறமும் ஆள்களை அமர்த்துகிறார்கள். அப்போது பரிமாறுபவர் முதுகுப்புறமிருந்து, தோளுக்கு மேலாகக் கொதிக்கும் ரசத்தை நீட்ட வேண்டியிருக்கிறது. உண்பவர் முகமும் தெரிவதில்லை, கையும் தெரிவதில்லை. மேசைக்கு ஒருபுறம் மட்டும் அமர்த்தினால் ஒரு பந்தி கூடுதலாக நடத்த நேரிடும், மெய்தான்; ஆயினும் விருந்துக்கு அழைத்தவரை அரைமணி காக்க வைப்பது, அமர்த்தியபின் சுடுரசத்தைத் தோளில் சிந்துவதைவிடக் குறைந்த பிழையே.

வாசகிக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே: பரிமாறுவோரில் இருவரைக் குறையுங்கள், ஒருவரை வாளியோ கரண்டியோ இன்றி, வெறுங்கையோடு, பந்தி விசாரிக்க மட்டும் நிறுத்துங்கள். முதல் இலையைப் பார்த்து அடுத்த சுற்றுக்கு உத்தரவிடுவதும், இடையில் கூப்பிடும் குரலுக்கு மறுசோற்றுக்காரரை மட்டும் அனுப்பிச் சுற்றைக் கலைக்காமல் காப்பதும் அவர் பணி.